1,240 பில், இரண்டு நாள்: ரூபாயைக் குலுக்கிப் போடும் கணக்கு

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை. நெல் கொள்முதலைத் தனியாக ஒதுக்கிவிட்டாலும் சாக்கு, சணல், லாரி வாடகை, உதிரி பாகம், பாய்லர் வேலை என்று ஒரு வருடத்தில் 1,240 பில். மொத்தம் 96 லட்சம் ரூபாய். இதில் பணம் தப்பாகப் போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இருப்பது இரண்டு நாள். ஒரு பில்லை ஒழுங்காகப் பார்க்கப் பதினைந்து நிமிடம் ஆகும் என்றால், இரண்டு நாளில் அறுபது பில்லுக்கு மேல் தாண்டாது.

எந்த அறுபது? ஃபைலைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்தால், ஒற்றைத் தாளில் சுத்தமாக அச்சடித்த பில்தான் பெரும்பாலும் கையில் வரும். நாலாக மடித்ததும், கார்பன் நகல் மங்கியதும், மூன்று தாள் சேர்த்துப் பின் குத்தியதும் அப்படியே நழுவிவிடும். தை, மாசியில் சம்பா அறுவடை வந்து இறங்கும்போது அவசரத்தில் பதிந்த பில்கள் பெரும்பாலும் அந்த ரகம்தான். அதனால் தேர்வைக் கையிடம் விடாமல் எண்ணிடம் விட வேண்டும்.

பில்லுக்கு எண் போட்டுக் குலுக்கலாம். ஆனால் அதில் 300 ரூபாய் டீசல் பில்லும் 3 லட்ச ரூபாய் பாய்லர் பில்லும் ஒரே வாய்ப்பில் நிற்கும். பணம் எங்கே தப்பாகப் போனது என்பதுதான் கேள்வி என்றால், பில்லைக் குலுக்காமல் ரூபாயைக் குலுக்க வேண்டும். 96 லட்சம் ரூபாயையும் வரிசையாக நிறுத்தி அறுபது ரூபாயைத் தொடுகிறோம். தொட்ட ரூபாய் எந்த பில்லுக்குள் நிற்கிறதோ, அந்த பில்லை முழுதாகப் பார்க்கிறோம்.

எத்தனை ரூபாயைத் தொடுவது என்பதற்குக் கணக்கு உண்டு. 5 சதவீதம், அதாவது 4,80,000 ரூபாய் வரை தப்பு இருந்தால் பொறுக்கலாம் என்று ஆலை முதலிலேயே முடிவு செய்துகொள்கிறது. உண்மையில் அவ்வளவு தப்பு இருந்தால், தொடும் ஒரு ரூபாய் நல்லதாக இருக்க வாய்ப்பு 0.95. அறுபது முறையும் நல்லதாகவே அமைய 0.95-ஐ அறுபது தடவை பெருக்க வேண்டும், கிடைப்பது 0.046. ஆக, அறுபதும் சுத்தமாக வந்தால், தப்பு 4,80,000-க்குள்தான் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். சுருக்கமாக: பொறுக்கும் தொகையை 3 ஆல் வகுத்தால், தொடும் ஒரு ரூபாய்க்கும் அடுத்த ரூபாய்க்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி வரும். இங்கே 1,60,000. அந்த 3 என்பது, ஒரு தப்பும் கிடைக்காத நிலைக்கு 95 சதவீத உறுதி கேட்கும் பெருக்கு எண்.

தேர்வு தொடங்கும் முன் பட்டியலின் கூட்டல் பேரேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கழிவாகப் பதிந்த டெபிட் நோட்டுகளைத் தனியே எடுத்துவிடுங்கள். கழித்தல் குறியோடு உள்ளே இருந்தால், ஒவ்வொரு பில்லாகச் சேர்த்துக்கொண்டே போகும் ஓட்டக் கூட்டல் பின்னோக்கி நகரும். பிறகு எக்செலில் தொடக்கப் புள்ளி:

```
=RANDBETWEEN(1,160000)
```

வந்தது 57,300 என்று வைப்போம். உடனே அதை மதிப்பாக ஒட்டி, தாளிலும் எழுதிவிட வேண்டும். இந்தச் சூத்திரம் ஒவ்வொரு எண்டருக்கும் புது எண் தரும். "இது சிரமமான பில்லாச்சே" என்று இன்னொரு தடவை தட்டிய நொடியிலேயே குலுக்கல் கெட்டுவிட்டது.

இனி ஓட்டக் கூட்டல். ஏழாவது பில்லோடு 54,850. எட்டாவது பில் 6,200, கூட்டினால் 61,050. 57,300 அதற்குள் விழுகிறது, எட்டாவது பில்லை எடுங்கள். அடுத்த புள்ளி 2,17,300, பிறகு 3,77,300. இப்படியே போனால் 1,60,000-க்கு மேற்பட்ட எந்த பில்லும் தப்ப முடியாது.

எடுத்த பில் கிடைக்கவில்லை என்றால் பக்கத்து பில்லை எடுத்து ஒப்பேற்றக் கூடாது. காணாத பில் முழுத் தொகையும் தப்பு என்றே கணக்கு. பில்லே இல்லாத செலவு அங்கேதானே ஒளிந்திருக்கும்!

ஒரு பில்லைப் பார்ப்பது என்றால் அதன் கூட்டலை மட்டும் பார்ப்பதல்ல. ஆர்டரில் பேசிய விலை, கேட் வரவுப் பதிவேட்டில் இறங்கிய அளவு, பில்லில் போட்ட தொகை மூன்றும் ஒத்திருக்க வேண்டும். டெல்டாவில் இன்னொன்றும் உண்டு. காரைக்கால் பக்கத்து ஊர்தான் என்றாலும் புதுச்சேரியைச் சேர்ந்தது. அங்குள்ள கடையின் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்கும், நம்முடையது 33. காரைக்கால் கடை தன் லாரியில் ஆலைக்கு அனுப்பிய பொருளுக்கு, எல்லை தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டிதான் போட்டிருக்க வேண்டும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டிருந்தால், கொடுத்த தொகை மாறாவிட்டாலும் வரி வரவு எடுப்பதில் சிக்கல். இதைத் தொகைத் தப்போடு சேர்க்காமல் தனியாக எண்ணுங்கள்.

இப்போது முக்கியமான இடம். அறுபதில் ஒன்று பிசகுகிறது. பழைய சாக்கு பில்: 40 கட்டு, கட்டுக்கு 50, சாக்கு 20 ரூபாய், வரி நீங்கலாக 40,000. கேட் பதிவேட்டில் இறங்கியது 36 கட்டு. அதிகம் கொடுத்தது 4,000. "நாலாயிரம்தானே, வாங்கிவிடலாம்" என்று திருத்திவிட்டு நகர்வதுதான் வழக்கம். அங்கேதான் பிழைபடுகிறது. தொட்ட அந்த ஒரு ரூபாய் 1,60,000 ரூபாய்க்குப் பிரதிநிதி. பில்லில் பத்தில் ஒரு பங்கு தப்பு என்றால், அது நிற்கும் இடைவெளியிலும் பத்தில் ஒரு பங்கு தப்பு என்று மதிப்பிட வேண்டும்: 16,000.

அதோடு, மொத்தத் தப்பு எவ்வளவு வரை இருக்கலாம் என்ற உச்ச வரம்பும் ஏறும். ஒரு தப்பு கிடைத்தால் பெருக்கு எண் 3-லிருந்து 4.75 ஆகிறது. கூடிய 1.75-ஐ 0.10 ஆலும் 1,60,000 ஆலும் பெருக்கினால் 28,000. முன்னிருந்த 4,80,000-ஓடு சேர்த்தால் 5,08,000. பொறுக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. 1960களில் அமெரிக்கத் தணிக்கையாளர் கென்னத் ஸ்ட்ரிங்கர் முன்வைத்த வரம்புக் கணக்கு இது. கொஞ்சம் கண்டிப்பானது, தப்பைக் கூட்டித்தான் காட்டும்.

இனி என்ன செய்வது என்பதைத் தப்பின் காரணம் தீர்மானிக்கும். அந்தச் சாக்கு வியாபாரியிடம் மட்டும் உள்ள பழக்கம் என்றால், அவருடைய எல்லா பில்லையும் பார்த்துத் தனிக் கணக்காக முடித்துவிடலாம். ஆனால் கேட் பதிவேட்டில் 36 என்று சரியாகவே எழுதியிருக்கிறது. பில்லை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் கோளாறு அலுவலகத்தில். எந்த வியாபாரியின் பில்லிலும் அது நடந்திருக்கலாம், சாக்கோடு ஒதுக்கிவிட முடியாது.

எனவே இடைவெளியைப் பாதியாக்குங்கள்: 80,000. பழைய புள்ளிகள் அப்படியே நிற்க, நடுநடுவே 1,37,300, 2,97,300 என்று இன்னும் அறுபது புள்ளிகள் வரும். முதல் சுற்றில் பார்த்தது எதுவும் வீணாகாது. இரண்டாம் சுற்றில் வேறு தப்பு இல்லையென்றால் வரம்பு 2,40,000-ஓடு 14,000 சேர்ந்து 2,54,000, எல்லைக்குள் வந்துவிடும். இன்னும் இரண்டு நாள் கேட்கும் என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. பதிவான ரூபாயைத்தான் இது தொடும். பொருள் இறங்கியும் பில் பதியாமல் கிடந்தால், அதில் தொடுவதற்கு ரூபாயே இல்லை. அதற்குக் கேட் பதிவேட்டிலிருந்து சில வரிகளைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பில் பதிந்திருக்கிறதா என்று எதிர்த்திசையில் தேட வேண்டும்.