பள்ளத்தை எண்ணும் மணிக்கூடு

நிலாவெளிப் பக்கம் சைக்கிள் ஓடும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தார் றோட்டில் இதயத்துடிப்பு 115 என்று காட்டுகிற ஸ்மார்ட் வோட்ச், உள் ஒழுங்கையில் இறங்கியதும் 150 என்கிறது. எனக்கு மூச்சு வாங்கவே இல்லையே?"

மணிக்கூட்டின் அடியில் மினுங்கும் பச்சை வெளிச்சத்தை இரத்தம் நன்றாக உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு இரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் ஓரிரு சதவீதம்தான். கருவி தோலில் கொஞ்சம் ஆடினாலே அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும்.

ஆட்டம் எந்த வேகத்தில் வருகிறது என்பதுதான் சுவாரசியமான இடம். அந்த ஒழுங்கையில் ஏறக்குறைய இரண்டு மீற்றருக்கு ஒரு பள்ளம் என்று வைப்போம். மணிக்கு 18 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 5 மீற்றர். செக்கனுக்கு இரண்டரைக் குலுக்கல், நிமிடத்துக்கு 150! மனித இதயம் துடிக்கக்கூடிய எண்தான் என்பதால் மணிக்கூடும் நம்பிவிடுகிறது. வேகத்தை 12 ஆக்கிப் பாருங்கள். எண்ணும் 100 பக்கம் இறங்கினால் அது எண்ணியது பள்ளங்களை. சைக்கிளை நிறுத்தியதும் கழுத்து நாடியை 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்கினால் உண்மை தெரியும்.

குலுக்கலை அளந்து கழிக்க உள்ளே ஒரு அசைவு உணரியும் இருக்கிறது. ஆனால் அது அறிவது மணிக்கூட்டின் அசைவை மட்டும். ஹாண்டிலைப் பிடித்த கையில் தசையும் இரத்தமும் சற்றுப் பிந்தி, தம் போக்கில் ஆடுவதால் கழித்தல் சுத்தமாக வராது.

ஜிம்மில் கதை தலைகீழ். பாரத்தை இறுக்கிப் பிடித்ததும் முன்கைத் தசை புடைக்கிறது, தசைநாண் இழுபடுகிறது, தோலுக்கடியில் இரத்தம் நசுங்கி விலகுகிறது. மணிக்கட்டோ அசைவதேயில்லை, அசைவு உணரிக்குக் கழிக்க ஒன்றும் கிடைக்காது. துடிப்பு விறுவிறுவென்று ஏறும்போது எண் பழைய இடத்திலேயே கிடக்கும்.

பச்சை குத்திய கை வேறு ரகம். கறுப்பு மை தோலின் உள்ளடுக்கில் இருந்துகொண்டு ஒளியைப் போகும்போதும் வரும்போதும் விழுங்குகிறது. கருந்தோலின் மெலனினும் ஒளியைக் குறைக்கும், ஆனால் பெரும்பாலும் விளக்கைக் கூட்டிச் சமாளிக்கலாம். அடர்த்தியான மைக்கு அது எடுபடாது. கையில் கட்டவே இல்லை என்று சில மணிக்கூடுகள் பூட்டிக்கொள்வதும் உண்டு. எங்கள் தோல் நிறங்களில் இவற்றைச் சோதிக்க உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்கலாம் என்பது என் நெடுநாள் முணுமுணுப்பு.

வாசகரின் வீட்டில் 150-ஐக் கண்டு பயந்து நாவூறு கழித்து நூலும் கட்டிவிட்டார்களாம், அதே மணிக்கட்டில்! நூல் மணிக்கூட்டைத் தோலிலிருந்து தூக்கி வெளிச்சத்தை உள்ளே விடும். முதலில் அதை மற்றக் கைக்கு மாற்றுங்கள். மணிக்கூட்டை எலும்பு முட்டுக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கினால் ஓரளவு திருந்தும். சரியான எண் வேண்டுமென்றால் இதயத்தின் மின்துடிப்பை எடுக்கும் நெஞ்சுப் பட்டிதான் வழி. அதையும் நனைக்காமல் கட்டினால் வியர்க்கும்வரை உளறும்.