நோட்டீஸ் விட்டால் புரோநோட்டுக்கு வயது குறையாது

போன ஆகஸ்ட் மாதம் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நான்காக மடித்த புரோநோட்டு. நாலு லட்ச ரூபாய், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பக்கத்துத் தெருவில் இருக்கும் கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தேதி 10.06.2022. அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரே மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது ஆள் அவர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

“வழக்குப் போட மூணு வருஷக் கெடு ஜூன் மாசமே முடிஞ்சு போச்சேம்மா” என்றேன்.

“அதான் மே மாசமே வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டோமே சார்!”

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! நோட்டீஸ் விட்டால் காலக்கெடு நின்றுவிடும், அல்லது அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும் என்று ஊரே நம்புகிறது. அப்படி எதுவும் கிடையாது. நோட்டீஸ் என்பது நீங்கள் எதிராளிக்கு எழுதும் கடிதம், அவ்வளவுதான். காலக்கெடுச் சட்டம், அதாவது 1963ஆம் ஆண்டின் லிமிட்டேஷன் சட்டம், கடன் வாங்கியவர் என்ன எழுதினார், என்ன கொடுத்தார் என்றுதான் பார்க்கிறது. கடன் கொடுத்தவர் எத்தனை கடிதம் போட்டாலும், எத்தனை முறை வாசலில் போய் நின்றாலும், கெடு ஒரு நாள்கூட நீளாது. இந்த அம்மாவுக்காக நோட்டீஸ் அனுப்பியவர் 26.05.2025 தேதியிட்டு, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார். அந்தப் பதினைந்தாம் நாளும் புரோநோட்டின் கடைசி நாளும் ஒன்றுதான், ஜூன் 10. பதிலுக்குக் காத்திருந்தே நாளைக் கடத்தியிருக்கிறார்கள். ஜூன் 20 அன்று பதில் வந்தது: “பணமே வாங்கவில்லை.” இந்த இடத்தில் தொழில் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கெடு நெருங்கிய புரோநோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டீஸ் தட்டச்சு செய்யாதீர்கள், பிராதைத் தட்டச்சு செய்யுங்கள். புரோநோட்டு வழக்குக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இரண்டாவது தவறு அந்தப் புரோநோட்டின் வாசகத்திலேயே ஒளிந்திருக்கிறது. “தாங்கள் வேண்டும்போது அசலும் வட்டியும் சேர்த்துச் செலுத்துகிறேன்” என்றுதான் எல்லாப் புரோநோட்டிலும் இருக்கும். படிப்பவர் என்ன நினைக்கிறார்? ‘நான் எப்போது கேட்கிறேனோ அப்போதிலிருந்துதானே மூன்று வருடம்? நான் போன வருஷம்தானே கேட்டேன்?’ கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. கேட்டால் தருகிறேன் என்ற பணம், கொடுத்த நிமிடத்திலேயே கேட்கத்தக்க பணம். எனவே சட்டத்தின் அட்டவணையில் 35ஆம் இனத்தின்படி புரோநோட்டின் தேதியிலிருந்தே மூன்று வருடம் ஓடத் தொடங்கிவிடுகிறது. புரோநோட்டே இல்லாமல் கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கும் இப்படித்தான், கொடுத்த நாள்தான் கணக்கு. (டெபாசிட்டாக ஒப்படைத்த பணத்துக்குத்தான் கேட்ட நாளிலிருந்து கணக்கு. அந்த விதியை யாரோ பாதி கேட்டுவிட்டு வந்து டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.) இன்ன தேதியில் தருவதாகப் புரோநோட்டிலேயே எழுதியிருந்தால் மட்டும் அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

நாளை எண்ணுவது எளிது. எழுதிய நாளை விட்டுவிட வேண்டும். 10.06.2022 புரோநோட்டுக்கு 10.06.2025 அன்று வரை வழக்குப் போடலாம். அன்று நீதிமன்றம் விடுமுறை என்றால் திறக்கும் முதல் நாளில் போடலாம். மே விடுமுறையில் கெடு முடியும் வழக்குகள் எல்லாம் ஜூன் தொடக்கத்தில் குவிவது அதனால்தான். அந்த ஜூன் 10 செவ்வாய்க்கிழமை, நீதிமன்றம் திறந்தே இருந்தது.

“உடம்பு சரியில்லை சார், அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமே” என்றார். மேல்முறையீட்டில் தாமதத்தை மன்னிக்க 5ஆம் பிரிவு இடம் தருகிறது. வழக்கு தாக்கல் செய்வதற்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஒரு நாள் தாமதமும் தாமதம்தான். எதிராளி இதைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும் நீதிபதி தானாகவே பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு.

சரி, அவர்கள் வட்டியாவது கொடுத்தார்களா என்று கேட்டேன். கொடுத்திருக்கிறார்கள். 2023 செப்டம்பர் வரை பதினைந்து மாதம், மாதம் நாலாயிரம், ரொக்கமாக. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு மாதமும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார், அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஆனால் எல்லாம் அந்த அம்மாவின் கையெழுத்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கெடு முடிவதற்குள் வட்டியிலோ அசலிலோ ஒரு சிறு தொகை கொடுத்தாலும், கொடுத்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும் என்கிறது 19ஆம் பிரிவு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பணம் கொடுத்தது, கொடுத்தவரின் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ இருக்க வேண்டும். வாங்கியவர் தன் நோட்டில் எழுதிக்கொள்வது சட்டத்தின் கண்ணில் பால் கணக்கு மாதிரிதான். கடைசியாக அவர்கள் கொண்டுவந்த நாலாயிரத்தை வாங்கும்போது புரோநோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் “இன்ன தேதியில் வட்டியில் ரூ.4,000 செலுத்தினேன்” என்று அவர்கள் கையால் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால், 2026 செப்டம்பர் வரை நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். ஜிபேயில் அனுப்பினார்களே, பாஸ்புக்கில் இருக்கிறதே என்பவர்களுக்கும் சொல்கிறேன்: பணம் வந்ததற்கு அது சாட்சி, ஆனால் இந்தப் பிரிவு கேட்கும் கையெழுத்து அதுதானா என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சண்டை போடும். வாட்ஸ்அப் செய்தியும் அப்படித்தான். வேறு வழியில்லாதபோது வாதாட உதவலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கோப்பை மூடிவிடலாம் என்று நினைத்தபோது அந்த அம்மா போகிற போக்கில் ஒன்று சொன்னார். வட்டி நின்றதும் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தாராம். கூப்பிட்டு விசாரித்தார்களாம். “அவரு ஏதோ எழுதிக் கொடுத்தாரு சார், அப்புறமும் ஒண்ணும் நடக்கல.”

அந்த ‘ஏதோ’தான் எங்களுக்கு வேண்டியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நகல் வாங்கினோம். 18.12.2023 தேதியிட்டு, ஆய்வாளருக்கு முகவரியிட்டு, கணவர் கையெழுத்திட்டிருந்தார்: தான் வாங்கிய கடனில் நாலு லட்சம் பாக்கி இருப்பது உண்மை, இப்போது கொடுக்க வசதியில்லை, ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இது 18ஆம் பிரிவு சொல்லும் ஒப்புதல். கெடு முடிவதற்கு முன்பே, எழுத்தில், கையெழுத்தோடு இருக்கிறது. கடன் கொடுத்தவருக்கு எழுதாமல் வேறு யாருக்கோ எழுதியிருந்தாலும் செல்லும். இப்போது தர முடியாது என்று சேர்த்து எழுதியிருந்தாலும் செல்லும். கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று வருடம் என்றால் 18.12.2026 வரை கணவர் மீது வழக்குப் போடலாம். காவல் நிலையத்தில் மிரட்டி வாங்கினார்கள் என்று அவர் சொல்வார். சொல்லட்டும், அது சாட்சி விசாரணையில் பார்த்துக்கொள்ளும் சங்கதி.

ஆனால் வீடு மனைவி பெயரில் இருக்கிறது. காவல் நிலையத்துக்கு மனைவி போகவே இல்லை. சேர்ந்து கடன் வாங்கியவர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டார் என்பதற்காக மட்டும் மற்றவரைப் பிடிக்க முடியாது என்கிறது 20ஆம் பிரிவு. மனைவியைப் பொறுத்தவரை கடன் 2025 ஜூன் 10 அன்றே காலாவதி. ஆகவே, ரெண்டு பேர் கையெழுத்துப் போட்ட புரோநோட்டு என்றால் பின்பக்கத்திலும் ரெண்டு பேரிடமும் வாங்குங்கள். ‘அவர் போட்டால் போதும், வீட்டம்மா எதற்கு’ என்று கூச்சப்படாதீர்கள். பணம் கொடுக்கும்போது இல்லாத கூச்சம் அப்போது எதற்கு?

கெடு தாண்டியே போய்விட்டது என்றால்? பழைய புரோநோட்டின் முதுகில் வரவு எழுதி வாங்கிப் பயனில்லை. செத்த கடனை வரவு எழுப்பாது. “நான் வாங்கியது உண்மை” என்று எழுதி வாங்கினாலும் போதாது. “அந்தக் கடனை நான் தருகிறேன்” என்று புதிதாக வாக்குக் கொடுத்து எழுதி, கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அப்படிப்பட்ட எழுத்தை மட்டும் ஏற்கிறது. புதிய புரோநோட்டாகவே எழுதி வாங்கிவிடுவது குழப்பமில்லாத வழி. கடன் வாங்கியவர் பக்கத்திலிருந்து படிப்பவர்கள் இதையே திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்: பழைய கடனுக்கு யாராவது காகிதம் நீட்டினால் தேதியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கெடு தாண்டிய கடனை நீங்களாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் திருப்பிக் கேட்கவும் முடியாது. வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது, கடன் இல்லாமல் போவதில்லை.

தயவு செய்து இரண்டரை வருடத்திலேயே வாருங்கள். கோர்ட் ஃபீஸ் மட்டும் வழக்குத் தொகையில் 3 சதவீதம், அதைப் புரட்டவே சிலருக்கு ஒரு மாதம் ஆகிறது. கடைசி நாள் மாலை நாலு மணிக்குப் புரோநோட்டை நீட்டினால் நான் மந்திரவாதி இல்லை.

அந்த அம்மாவின் வழக்கைக் கணவர் மீது மட்டும் தாக்கல் செய்திருக்கிறோம். ஜெயித்தாலும் வீட்டைத் தொட முடியாது. அவர் பெயரில் ஒரு மினி லாரி ஓடுவதாகச் சொல்கிறார்கள். இப்போது அதன் ஆர்.சி. விவரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.