இருப்பில் 6 லட்சம் கூடினால் இரண்டு ஆண்டுக் கணக்கும் கெடும்

மார்ச் 31 அன்று சரக்கு எண்ணும்போது நேரும் பிழையைப் பற்றிப் பேசினால், "அடுத்த வருஷம் தானாகச் சரியாகிவிடும் சார்" என்று பலர் சொல்வார்கள். கணக்குப்படி அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் நஷ்டம் இருக்கிறது.

ஒரு ஜவுளி மொத்த வியாபார கம்பெனியை எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே சில துணிப் பேல்கள் கடையிலிருந்து குடோனுக்குப் போயின. கடைத் தாளிலும் குடோன் தாளிலும் அவை ஏறிவிட்டன. உண்மையான இருப்பு 44 லட்சம். 2024 மார்ச் கணக்கில் விழுந்தது 50 லட்சம்.

தொடக்க இருப்பு 40 லட்சம், கொள்முதல் 300 லட்சம், விற்பனை 350 லட்சம், செலவு 36 லட்சம். விற்ற சரக்கின் அடக்கவிலை 296 லட்சம் என்று வரவேண்டியது 290 ஆனது. வரிக்கு முந்தைய லாபம் 18 லட்சத்துக்குப் பதில் 24 லட்சம். வரியைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், பேலன்ஸ் ஷீட்டில் சேர்த்துவைத்த லாபமும் அதே 6 லட்சம் கூடுதலாக நிற்கும்.

அந்த 50 லட்சம்தான் அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு. விற்பனை, கொள்முதல், செலவு மூன்றும் முந்தைய ஆண்டைப் போலவே இருந்து, 2025 மார்ச்சில் 46 லட்சம் என்று சரியாக எண்ணியதாக வைத்துக்கொள்வோம். லாபம் 16 லட்சம் வரவேண்டிய இடத்தில் 10 லட்சம்தான் வரும். இரண்டு ஆண்டையும் கூட்டினால் எப்படிப் பார்த்தாலும் 34 லட்சம். அதனால் 2025 மார்ச்சில் சேர்த்துவைத்த லாபம் சரியாகிவிடுகிறது. பிழையும் கண்ணில் படாமல் போகிறது. அந்த இரண்டாவது எண்ணிக்கையும் தப்பாகியிருந்தால் இதுவும் நடந்திருக்காது.

ஆனால் இடைப்பட்ட காலத்தில் நடந்தவை திரும்பாது. இல்லாத 6 லட்சத்தையும் லாபமென்று நம்பி டிவிடெண்ட் கொடுத்திருப்பார்கள். வங்கிக்குக் காட்டிய ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டில் அந்த இருப்பைக் காட்டிக் கடன் எடுத்திருப்பார்கள். இவற்றைவிட என்னைக் கவலைப்படுத்துவது முதலாளி எடுக்கும் முடிவு. உண்மையில் லாபம் 18-லிருந்து 16 ஆக லேசாக இறங்கியது. அவர் பார்ப்பதோ 24-லிருந்து 10 ஆக விழுந்த லாபம். அதை நம்பி ஆளைக் குறைப்பார், நன்றாக ஓடும் ரகத்தை நிறுத்துவார்.

கண்டுபிடிக்க மொத்த லாப விகிதத்தைப் பாருங்கள். விற்பனையிலிருந்து அடக்கவிலையை மட்டும் கழித்தால் மிஞ்சுவது விற்பனையில் எத்தனை சதவீதம் என்பதே அது. இந்தக் கம்பெனியில் அது 17.1 சதவீதம், மறு ஆண்டு 13.1. விலையோ வாங்கும் இடமோ மாறாமல் ஒரு வருடம் ஏறி, அடுத்த வருடம் அவ்வளவே சரிந்தால் நடுவில் இருக்கும் மார்ச் 31 எண்ணிக்கைத் தாளை எடுங்கள். உண்மை விகிதம் 15.4, 14.9.

2024 செப்டம்பரிலேயே தெரிந்திருந்தால் வழி இருந்தது. ஏஎஸ் 5 என்ற கணக்கியல் தரநிலையைப் பின்பற்றும் கம்பெனி அந்த 6 லட்சத்தை முந்தைய காலப் பிழை என்று நடப்பு ஆண்டு லாப நட்டக் கணக்கில் தனியாகக் காட்டும். இண்ட் ஏஎஸ் 8 என்ற தரநிலையைப் பின்பற்றும் கம்பெனி என்றால், பிழை பெரிதாக இருக்கும்போது பழைய ஆண்டின் எண்களையே திருத்திக் காட்டவேண்டும். கூடுதலாகக் கட்டிய வரிக்கு, 2024 டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டிருக்கலாம். அந்தத் தேதிக்குப் பிறகு போடும் அப்டேட்டட் ரிட்டர்னில் வரியைக் குறைத்துக் காட்ட முடியாது.

எண்ணும் நாளில் பேல் எதையும் நகர்த்தாதீர்கள். நகர்த்தியே ஆகவேண்டுமென்றால் எண்ணியதில் சாக்பீஸ் குறி போட்டு, எந்தத் தாளில் ஏறியது என்று அந்தத் தாளின் எண்ணையும் பேலின் மேல் எழுதுங்கள்.