ஸேரா, எஸ்தாரா? கோடிட்ட இடத்தை நிரப்பும் முன்

ஸ்பானியம் படிக்கத் தொடங்கும் எவரும் முதல் சில வாரங்களிலேயே இந்த இரண்டு வினைகளிடம் மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரே வினை செய்யும் வேலையை ஸ்பானியத்தில் ஸேர், எஸ்தார் என்ற இரண்டு வினைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. 'அவர்', 'அவள்', 'அது' என்று வரும்போது ஸேர் 'எஸ்' என்றும் எஸ்தார் 'எஸ்தா' என்றும் உருமாறும். எதை எங்கே போடுவது என்று கேட்டால், 'நிரந்தரமானதற்கு ஸேர், தற்காலிகமானதற்கு எஸ்தார்' என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ள பயிற்சியை எழுதினால் பாதிக்கு மேல் தப்பாகும்.

லோலா ____ எஸ்துதியாந்தே. (லோலா மாணவி.)
எஸ்தே பெரானோ ____ தெ கமரேரா. (இந்தக் கோடையில் உணவகத்தில் பரிமாறுபவளாக இருக்கிறாள்.)
லா போதா ____ என் சாந்தா அனா. (கல்யாணம் சாந்தா அனா தேவாலயத்தில்.)
சாந்தா அனா ____ என் திரியானா. (சாந்தா அனா திரியானாவில் இருக்கிறது.)
எல் அபுவேலோ ____ முவேர்தோ. (தாத்தா உயிரோடு இல்லை.)
லா புவேர்த்தா ____ செர்ராதா. (கதவு சாத்தியிருக்கிறது.)
லா நோபியா ____ லிஸ்தா. (மணப்பெண் தயார்.)

மாணவப் பருவம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அதற்கு 'எஸ்'தான் வரும். செத்தவர் திரும்பி வருவதில்லை. அவருக்கு 'எஸ்தா' வரும். செவியா நகரில், குவாதல்கிவிர் ஆற்றின் அக்கரையில் உள்ள திரியானாவில் சாந்தா அனா பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. அதற்கும் 'எஸ்தா'தான். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் கடிகார நேரத்தைச் சொல்வதற்கோ ஸேர். காலத்தின் நீளத்துக்கும் இந்தத் தேர்வுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

பிறகு எதைப் பிடித்துக்கொள்வது? சொற்களின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். எஸ்தார், 'நிற்பது' என்ற பொருள் கொண்ட ஸ்தாரே என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தின் 'ஸ்தா' வேரும் இதுவும் ஒரே குடும்பம். நாம் எழுதும் ஸ்தானம், ஸ்திதி இரண்டும் அந்த வேரில் முளைத்தவை. ஸேரின் கதை கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் அது இரண்டு லத்தீன் வினைகள் கலந்து உருவானது. 'எஸ்' போன்ற வடிவங்கள் எஸ்ஸே என்ற வினையின் வாரிசுகள். ஆஸ்திகர், நாஸ்திகர் என்ற சொற்களுக்குள் இருக்கும் 'அஸ்தி' அதன் உறவுக்காரன். 'ஸேர்' என்ற பெயர் வடிவமோ 'உட்கார்வது' என்ற பொருளுள்ள ஸெதேரே என்ற வினையிலிருந்து வந்தது. உபநிஷத் என்ற சொல்லின் கடைசியில் இருப்பதும் அதே 'உட்கார்' வேர்தான்.

பழைய ஸ்பானியத்தில் ஒருவர் இருக்கும் இடத்தைச் சொல்லவும் ஸேர் வந்தது. சில நூற்றாண்டுகளில் எஸ்தார் அந்த இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சில் நடந்தது வேறு: அங்கே 'நிற்கும்' வினை தனி ஆளாகப் பிழைக்காமல், அதன் சில வடிவங்கள் மட்டும் 'இருக்கும்' வினைக்குள் கரைந்துவிட்டன. எனவே பிரெஞ்சு தெரிந்தவருக்கும் இந்தப் பிரிவினை புதிதுதான்.

தமிழ் தெரிந்தவருக்கு இது அவ்வளவு புதிதில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'லோலா மாணவி' என்று எழுதும்போது நாம் வினையே போடுவதில்லை. பெயரே பயனிலையாக நின்றுவிடுகிறது. மிகவும் முறையாக எழுதினால் 'ஆவாள்', 'ஆகும்' என்று முடிப்போம். 'லோலா வீட்டில்' என்பதை முடிக்க மட்டும் 'இருக்கிறாள்' வேண்டும். மறுத்துச் சொல்லும்போது பிளவு இன்னும் தெளிவாகத் தெரியும்: 'லோலா மாணவி அல்ல', 'லோலா வீட்டில் இல்லை'. பழைய இலக்கணப்படி 'அல்லள்' என்றே எழுத வேண்டும் என்பது வேறு விஷயம். பேச்சுத் தமிழ் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. எழுத்துத் தமிழில் அந்தப் பிளவு இன்னும் உயிரோடு இருக்கிறது. 'அல்ல' வரும் இடம் ஸேருக்கு, 'இல்லை' வரும் இடம் எஸ்தாருக்கு. பெயர்ச்சொல்லையும் இடத்தையும் பொறுத்தவரை இந்த ஒரு சோதனை பெரும்பாலும் கைவிடாது.

முதல் வாக்கியத்தை இப்போது நிரப்பலாம். லோலா ____ எஸ்துதியாந்தே: எஸ். காரணம், அவள் யார் என்பதை ஒரு பெயர்ச்சொல்லால் அடையாளப்படுத்துகிறோம். எத்தனை நாள் மாணவியாக இருப்பாள் என்ற கேள்வியே எழுவதில்லை. இரண்டாவதில் எஸ்தா. அங்கே 'தெ' என்ற முன்னிடைச்சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 'எஸ்தார் தெ' என்று வந்து பின்னால் ஒரு தொழில் வந்தால், அவர் இப்போதைக்கு அந்த வேலையில் நிற்கிறார் என்று பொருள். தமிழிலும் 'அவள் பரிமாறுபவள்' என்பதற்கும் 'பரிமாறுபவளாக இருக்கிறாள்' என்பதற்கும் இடையே இந்த இடைவெளி கேட்கிறது.

மூன்றாவதும் நான்காவதும்தான் தேர்வுத்தாளில் ஆளைக் கவிழ்ப்பவை. இரண்டிலும் 'என்' என்ற முன்னிடைச்சொல்லும் ஓர் இடமும் வருகின்றன. இடம் என்றால் எஸ்தார் என்று மனப்பாடம் செய்தவர் இரண்டிலும் எஸ்தா போடுவார். தேவாலயத்துக்கு அது சரி. அது ஒரு கட்டடம், ஓரிடத்தில் நிற்கும் பொருள். கல்யாணம் பொருளன்று, நிகழ்ச்சி. நிகழ்ச்சி நடக்கும் இடத்தைச் சொல்ல ஸ்பானியம் ஸேரையே கேட்கும்: லா போதா எஸ் என் சாந்தா அனா. இங்கே 'அல்ல', 'இல்லை' சோதனை தடுமாறும். அதற்குப் பதிலாக 'நடக்கிறது' என்று போட்டுப் பாருங்கள். 'கல்யாணம் சாந்தா அனாவில் நடக்கிறது' என்று சொல்ல முடிகிறது, 'சாந்தா அனா திரியானாவில் நடக்கிறது' என்று சொல்ல முடியாது. 'நடக்கிறது' பொருந்தினால் எஸ், பொருந்தாவிட்டால் எஸ்தா.

ஒரே சொல் இரண்டு பக்கமும் போவதும் உண்டு. 'எல் எக்ஸாமென் எஸ் என் எல் அவுலா 5' என்றால் தேர்வு ஐந்தாம் வகுப்பறையில் நடக்கிறது. 'எல் எக்ஸாமென் எஸ்தா என் லா மேசா' என்றால் வினாத்தாள் மேசைமேல் கிடக்கிறது. சொல் மாறவில்லை; நிகழ்ச்சியாக இருந்தது காகிதமாகிவிட்டது, வினையும் கூடவே மாறிவிட்டது. இரவு விருந்தும் அப்படித்தான்: உணவகத்தில் நடந்தால் எஸ், மேசையில் பரிமாறி வைத்திருந்தால் எஸ்தா.

ஐந்தாவதையும் ஆறாவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முவேர்தோ, செர்ராதா இரண்டும் ஒரு செயல் முடிந்தபின் எஞ்சும் நிலையைச் சொல்லும் சொற்கள். இறப்பது ஒரு நொடி. இறந்திருப்பது அதன் விளைவு. சாத்துவது ஒரு செயல். சாத்தியிருப்பது அதன் விளைவு. விளைவாக வந்த நிலைக்கு எஸ்தார். அந்த நிலை மாறுமா, என்றென்றைக்கும் நீடிக்குமா என்பதைப் பற்றி இந்த வினைக்குக் கவலையில்லை. எனவே தாத்தாவுக்கும் எஸ்தா, கதவுக்கும் எஸ்தா. தமிழில் இதற்கு அச்சாக ஒத்த வடிவம் இருக்கிறது: 'சாத்தி' என்ற வினையெச்சத்தோடு 'இரு' சேர்ந்த 'சாத்தியிருக்கிறது'. கதவுக்கு 'எஸ்' போட்டாலும் இலக்கணம் இடிந்துவிடாது, பொருள்தான் மாறும். 'லா புவேர்த்தா எஸ் செர்ராதா போர் எல் போர்த்தேரோ' என்றால் 'கதவு காவலாளியால் சாத்தப்படுகிறது'. செயப்பாட்டு வினை. நம்முடைய 'படு' வரும் இடத்தில் ஸேர், 'இரு' வரும் இடத்தில் எஸ்தார்.

கடைசி வாக்கியத்தில் இரண்டுமே இலக்கணப்படி சரி. அடைப்புக்குறிக்குள் இருக்கும் பொருள்தான் தீர்மானிக்கிறது. 'எஸ்தா லிஸ்தா' என்றால் தயாராகிவிட்டாள், 'எஸ் லிஸ்தா' என்றால் புத்திசாலி. 'தயார்' என்று கேட்டிருப்பதால் விடை எஸ்தா.

தமிழ் கைகொடுக்காத இடமும் ஒன்று உண்டு, அது பண்புச் சொற்கள். 'லோலா உயரமாக இருக்கிறாள்' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். அந்த 'இருக்கிறாள்' நம்மை நேரே எஸ்தாரிடம் தள்ளிவிடும். ஸ்பானியத்தில் அதற்கு 'எஸ் அல்தா' என்பதே வழக்கம். ஒரு பண்பைச் சொல்லும்போது, அதே இனத்தைச் சேர்ந்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஸேர். அதே ஆளை அவருடைய முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் எஸ்தார். ஒரு வருடம் கழித்துப் பார்த்த பையனிடம் 'எவ்வளவு வளர்ந்துவிட்டாய்' என்று வியக்கும்போது 'கே அல்தோ எஸ்தாஸ்' என்பார்கள். பனி குளிர்ந்தது, அதன் இயல்பு அது: எஸ். சூப் ஆறிப்போயிருக்கிறது, சூடாக வந்திருக்க வேண்டியது: எஸ்தா. தமிழில் சரிபார்க்க, 'ஆக இருக்கிறாள்' என்பதை 'ஆனவள்' என்று மாற்றிப் பாருங்கள். 'உயரமானவள்' ஒட்டுகிறது. 'சோர்வாக இருக்கிறாள்' என்பதைச் 'சோர்வானவள்' என்று மாற்றினால் சொல்ல வந்த பொருளே போய்விடுகிறது, அதற்கு எஸ்தா.

இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? 'நிரந்தர வினை', 'தற்காலிக வினை' என்ற பெயர்களை ஒதுக்கிவிட வேண்டும். பெயரே தவறைக் கற்றுக்கொடுக்கிறது. எஸ்தாருக்கு 'நிலைவினை' என்பது மிகப் பொருத்தம். லத்தீனில் 'நிற்பது' என்ற வினையிலிருந்து ஸ்பானியத்தின் எஸ்தாதோ, அதாவது 'நிலை' என்ற சொல் பிறந்தது. நம் மொழியிலும் 'நில்' என்பதிலிருந்தே 'நிலை' வந்தது. ஸேருக்கு 'ஆகும்' என்று முடிப்பதை ஒட்டி 'ஆதல் வினை' என்பேன். 'ஆதல்' என்பது ஒன்று இன்னொன்றாக மாறுவதையும் குறிக்கும், ஸ்பானியத்தில் அந்த மாற்றத்துக்கு வேறு வினைகள் உண்டு என்பதை மட்டும் கூடவே சொல்லிவிட வேண்டும். 'இருத்தல் வினை' என்ற பெயரை இரண்டுக்கும் தவிர்ப்பது நல்லது. நம் 'இரு' முதலில் உட்கார்வதைக் குறித்த சொல். 'இருக்கை' இன்னும் அந்தப் பொருளைக் காத்து வைத்திருக்கிறது. பொருளில் அது எஸ்தாரின் பக்கம், பிறப்பில் உட்கார்ந்த ஸேரின் பக்கம் என்பதால் குழப்பமே மிஞ்சும்.

எல்லா ஊரிலும் விடை ஒன்றாக இருக்காது என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். 'திருமணமானவர்' என்பதற்கு 'எஸ் கசாதோ', 'எஸ்தா கசாதோ' இரண்டும் புழங்குகின்றன. ஸ்பெயினில் 'சிறுவனாக இருந்தபோது' என்பதற்கு ஸேர் வரும். மெக்சிகோவில் அதே இடத்தில் எஸ்தார் காதில் விழும். இப்படிப்பட்ட கோடிட்ட இடங்களில் விடையோடு காரணத்தையும் எழுதச் சொல்லித் திருத்தும் ஆசிரியர், 'சிவில் நிலையை அடையாளமாகச் சொல்கிறேன்' என்று எஸ் போட்டவருக்கும், 'கல்யாணத்தின் விளைவைச் சொல்கிறேன்' என்று எஸ்தா போட்டவருக்கும் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.