தண்ணீர் எத்தனை நாள் நின்றது? ஒரு கேப்ஷன் கேள்வி வேலை செய்யும் விதம்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் என் அத்தை மகன் விவசாயம் பார்க்கிறான், கூடவே ஒரு இன்ஸ்டாகிராம் பக்கமும் நடத்துகிறான். ஐப்பசி மழையில் அவனுடைய சம்பா மூழ்கிப்போனது. நட்டு மூன்று வாரம்கூட ஆகாத பயிர், நுனி மட்டும் அங்கங்கே தெரிகிறது, வரப்பு எது வாய்க்கால் எது என்றே தெரியாத ஒரு படம். அதற்குக் கீழே எழுதியிருந்தான்: "விவசாயியின் வலி உங்களுக்குப் புரிகிறதா? புரிந்தால் ஒரு ஹார்ட் போடுங்கள்."

போட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். "மச்சான், நானூறு ஹார்ட்டு வந்திருக்கு. ஆனா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே!"

அவன் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் விஷயம். கேள்விக்குறி இருந்தது, சரி. ஆனால் அதற்கு "இல்லை, புரியவில்லை" என்று பதில் சொல்லும் மனிதர் உலகத்தில் உண்டா? பதில் ஏற்கனவே தெரிந்த கேள்விக்கு விரல் மட்டும்தான் வேலை செய்யும். இந்த மாதிரிக் கேள்விக்குப் பேரே உண்டு, தூண்டில். 2017 டிசம்பரில் ஃபேஸ்புக் இவற்றை ஐந்து வகையாகப் பிரித்து, இனிமேல் இவற்றைக் கீழே தள்ளுவோம் என்று அறிவித்தது: ஓட்டுப் போடச் சொல்வது, ரியாக்ஷன் போடச் சொல்வது, ஷேர் பண்ணச் சொல்வது, நண்பர்களை டேக் பண்ணச் சொல்வது, கமெண்டில் ஒரு வார்த்தை எழுதச் சொல்வது. "ஆமென் போடுங்கள்" ரகம் எல்லாம் இதற்குள் அடங்கும்.

இன்ஸ்டாகிராம் பக்கம் வந்தால், அதன் தலைவர் ஆடம் மொசேரி 2021இல் எழுதிய விளக்கம் ஒன்று இருக்கிறது. நாம் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஊட்டத்தில் எந்தப் படத்தை மேலே வைப்பது என்று தீர்மானிக்க, நாம் என்னென்ன செய்வோம் என்று அந்த நிரல் ஊகித்துப் பார்க்கிறது. அதில் அவர்கள் உன்னிப்பாகப் பார்ப்பதாக அவர் அப்போது சொன்னவை ஐந்து. சில விநாடி நின்று பார்ப்போமா, கமெண்ட் எழுதுவோமா, லைக் போடுவோமா, சேவ் பண்ணுவோமா, அந்தக் கணக்கின் படத்தைத் தொட்டு உள்ளே போவோமா. லைக் அதில் ஒன்றுதான். நிற்பதும் எழுதுவதும் எடுத்து வைப்பதும் தனித்தனி வேலைகள், மனதுக்குள் வெவ்வேறு காரணத்தால் நடப்பவை.

அடுத்த முயற்சியில் தூண்டிலை விட்டுவிட்டு நேர் எதிர்ப்பக்கம் போனான். "வெள்ளத்தில் மூழ்கும் பயிர்கள் பற்றி உங்கள் கருத்து என்ன?" மூன்று பதில் வந்தது. இரண்டு பேர் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார்கள், ஒருவர் எல்லாம் விதி என்றார்.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதை, கருத்துக்கணிப்பில் கேள்வி எழுதுகிறவர்கள் நன்றாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். ஒரு கேள்வியைப் படித்துப் பதில் சொல்வதற்குள் நாம் நான்கு படி ஏறுகிறோம் என்பது அவர்கள் கணக்கு. என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்வது, அதற்கான நினைவைத் தேடி எடுப்பது, எடுத்ததைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவது, அதைச் சொல்லாக்கி வெளியே விடுவது. டீ ஆறுவதற்குள் போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஆளுக்கு இந்த நான்கில் இரண்டாவதுதான் செங்குத்தான படி. "கருத்து என்ன" என்று கேட்டால் மனம் எந்த அலமாரியைத் திறக்கும்? எதையும் திறக்காது, கைக்கு எட்டிய பொது வாக்கியத்தை எடுத்து நீட்டிவிட்டுப் போய்விடும்.

நினைவு என்பது கூப்பிட்டால் வருவது இல்லை, அடையாளம் சொல்லிக் கூப்பிட்டால்தான் வரும். 1966இல் டல்விங், பெர்ல்ஸ்டோன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை இதற்கு நல்ல சாட்சி. மாணவர்களுக்கு வகைவகையாகப் பிரித்த சொற்பட்டியல்களைக் கொடுத்து, பிறகு ஞாபகம் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு வெறும் தாள், இன்னொரு குழுவுக்கு அந்த வகைகளின் பெயர்கள். வகையின் பெயர் கிடைத்தவர்கள் தெளிவாகவே அதிகச் சொற்களை எழுதினார்கள். வெறும் தாள் வாங்கியவர்கள் மனதிலும் அந்தச் சொற்கள் இருந்திருக்கின்றன, பிடித்து இழுக்கத்தான் ஒரு நுனி கிடைக்கவில்லை.

கேப்ஷன் கேள்வி என்பது அந்த நுனிதான். மூன்றாவது தடவை நாங்கள் இரண்டு பேரும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது இது:

"நட்டு 18 நாள் பயிர், 6 நாள் தண்ணீரில் கிடந்தது. தண்ணீர் வடிந்த அன்று உங்கள் வயலில் முதலில் செய்த வேலை என்ன? எங்களுடையது சி.ஆர். 1009 சப் 1 ரகம். வடிகால் வாய்க்காலே நிரம்பி நின்றதால் இஞ்சின் வைத்துத்தான் இறைத்தோம். வடிந்த மறுநாளே யூரியா போட்டோம், அவசரப்பட்டோமோ என்று இப்போது தோன்றுகிறது."

கேள்வி இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, ஏனென்றால் ஊட்டத்தில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதி மடிந்துகிடக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அந்த இரண்டு வரிக்குள் அதிகம் அடங்காது. "அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே" என்று ஆரம்பித்தால் அங்கேயே இடம் தீர்ந்துவிடும். "வடிந்த அன்று" என்பது நாள், "முதலில்" என்பது வரிசை, "உங்கள் வயலில்" என்பது இடம். மூன்றும் சேர்ந்து படிப்பவரைச் சேற்றில் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றன, அங்கே நின்றால் அவருக்குப் பதில் தேடவே வேண்டியதில்லை. கருத்து கேட்கவில்லை, செய்ததைக் கேட்டோம் என்பதையும் கவனியுங்கள். கருத்துச் சொல்ல யோசிக்க வேண்டும், செய்தது கையிலேயே இருக்கிறது.

கேள்விக்குப் பின்னால் அவன் தன் சொந்தப் பதிலை எழுதியதற்கும் காரணம் உண்டு. எவ்வளவு நீளம் எழுதலாம், எவ்வளவு விவரம் சொல்லலாம், தப்பை ஒப்புக்கொள்ளலாமா என்பதையெல்லாம் படிப்பவர் முன்னால் இருப்பவரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். முதல் கமெண்ட் நெருப்புப் படமாக இருந்தால் அடுத்த பத்தும் நெருப்புப் படம்தான். முதல் ஆள் ரகத்தின் பெயரும் நாள் கணக்கும் தன் தவறும் சொன்னால் அதுவே அச்சாகிவிடும். (யூரியா வரியை எடுத்துவிடலாம், மானம் போகிறது என்றான். நான் விடவில்லை.)

இந்த முறை ஹார்ட் நானூறைத் தொடவே இல்லை, பாதிகூட வரவில்லை. ஆனால் பதில்கள் வந்தன. தலைஞாயிறுப் பக்கத்திலிருந்து ஒருவர், புதுக் குருத்து எட்டிப்பார்க்கும் வரை எந்த உரமும் போடாமல் காத்திருந்ததாகவும், அப்புறம் யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போட்டதாகவும் எழுதினார். இன்னொருவர், நன்றாகத் தூர் கட்டிய குத்துகளைப் பிரித்து எடுத்து, பயிர் அழிந்த இடங்களில் நட்டுப் பாடுவாசி நிரப்பியதைச் சொன்னார். மூன்றாமவர் அவரிடம் "பிரித்து நட்டது எத்தனை நாள் வயதில்?" என்று கேட்டார். பதில் சொல்ல வந்தவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தால் கேள்வி பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது சேவ். பதில் எழுதுகிறவரும் சேவ் பண்ணுகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. பதில் எழுதுகிறவர் வெள்ளத்தில் பட்டவர். சேவ் பண்ணுகிறவர் இன்னும் படாதவர், ஆனால் அடுத்த வருஷம் தனக்கும் வரலாம் என்று தெரிந்தவர். லைக் ஊர் அறியப் போடுவது, சேவ் யாருக்கும் தெரியாமல் செய்வது. பக்கத்தை நடத்துகிறவருக்குக்கூட எத்தனை பேர் சேவ் செய்தார்கள் என்ற எண்ணிக்கைதான் தெரியும், அதுவும் தொழில்முறைக் கணக்காக மாற்றியிருந்தால். யார் என்று தெரியாது. யாருக்கும் காட்டிக்கொள்ள முடியாத செயல் என்பதால் அதில் மரியாதைக்குச் செய்வது என்ற பேச்சே கிடையாது. தலையில் வைத்துக்கொள்ள முடியாத ஒன்று, அதாவது அளவு, வரிசை, ரகத்தின் பெயர், நாள் கணக்கு, இவற்றில் ஏதாவது இருந்து, அது தேவைப்படப்போகும் நாளும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் விரல் அந்தப் பொத்தானுக்குப் போகும்.

ஆகவே கேள்வியை எழுதும்போது இரண்டு பேரையும் மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும்: பட்டவரிடம் கேட்க வேண்டும், படப்போகிறவருக்குத் தேவையானதைக் கேட்க வேண்டும். "அந்த நாளை நினைத்தால் எப்படி இருக்கிறது?" என்றால் பட்டவர் நிறையச் சொல்வார், ஆனால் யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். "வெள்ளத்துக்குப் பின் செய்ய வேண்டிய 10 வேலைகள்" என்று நாமே எழுதிவிட்டால் சேவ் ஆகும், பட்டவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. சேவ் பண்ணியவர் ஆறு மாதம் கழித்துத் திறந்தால் கமெண்டுகளுக்குள் நீந்த மாட்டார். அதனால் நாலாம் நாள் அவன் நல்ல பதில்கள் மூன்றை மேலே குத்திவைத்தான் (மூன்றுதான் அனுமதி), பிறகு கேப்ஷனையே திருத்தி, பதில்களில் வந்த விவரங்களை ஊர்ப்பெயரோடு நாலு வரியில் சேர்த்தான். சேவ் செய்தவர் எப்போது திறந்தாலும் திருத்திய கேப்ஷன்தான் வரும்.

அப்புறம் ஆர்வக்கோளாறில் அடித்த ஒரு பல்டியையும் சொல்லிவிடுகிறேன். தை அறுவடை முடிந்ததும் அதே பாணியில் கேட்டான்: "மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது?" மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு. எண் இருக்கிறது, நினைவு பச்சையாக இருக்கிறது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு பதில் இல்லை. எனக்கும் முதலில் பிடிபடவில்லை. அவன் அப்பாதான் சிரித்தார். "ஏம்ப்பா, பாதிப் பேரு குத்தகைக்குப் பயிர் வைக்கிறவங்க. நிலத்துக்காரரு பார்த்துக்கிட்டு இருக்கையில எவன் மூட்டைக் கணக்கைச் சொல்லுவான்?" நான்காவது படி, சொல்லி வெளியே விடுவது, அங்கேதான் தடுக்கியிருக்கிறது. விளைந்த அளவையோ கடனையோ நட்டத்தையோ கேட்டால் மனதில் பதில் தயாராக இருந்தாலும் வெளியே வராது, வந்தாலும் தனிச்செய்தியில்தான் வரும்.

எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க நாங்கள் இப்போது ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறோம். வந்த கமெண்டுகளில் ஏதாவது இரண்டை எடுத்துப் பெயரை மாற்றி வைத்துப் பார்ப்பது. "அருமை"யும் "சூப்பர்"உம் யார் பெயரில் இருந்தாலும் பொருந்தும். தலைஞாயிற்றுக்காரர் எழுதியதை வேறு ஒருவர் பெயரில் வைக்க முடியாது. மாற்றி வைக்க முடியாத பதில் பத்துக்கு எத்தனை என்று எண்ணுகிறோம். பக்கம் சின்னது, அதனால் பத்து இருபது கமெண்டை வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்கு வருவதில்லை. ஒரு கேள்வி விழுந்தால் வேளை தப்பா, கேள்வி தப்பா என்று பிரிக்கவும் முடியாது. சித்திரையில் போய் வெள்ளத்தைப் பற்றி எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் எழுத ஆள் வர மாட்டார்கள்.

போன வாரம் குறுவைக்கு ஒன்று எழுதி அனுப்பியிருந்தான். "நேரடி விதைப்பா, நடவா? எது சிறந்தது?" நான் "எது சிறந்தது"வை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன்: "நடவை விட்டு நேரடி விதைப்புக்கு மாறிய முதல் வருஷம், களைக்கு என்ன செய்தீர்கள்?" அவன் அதிலும் ஒரு திருத்தம் செய்தான். "என்ன"வுக்கு முன்னால் "எத்தனாம் நாள்" என்று சேர்த்தான்.