மொட்டைக்குப் பிறகு முளைத்த நரைக்கு டை: காதோரமும் பிடரியும்

கோபியில் பார்லர் வைத்திருக்கிறேன். வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கினால் வருஷா வருஷம் ஒரே மாதிரித் தலைகள் சில வந்துவிடும். பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் மொட்டை போட்டு, இரண்டு மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்து, வீட்டிலேயே டை அடித்துத் திட்டுத் திட்டாகிப் போன தலைகள்.

போன வருஷம் நம்பியூர்ப் பக்கமிருந்து வந்த பெரியம்மா முக்காட்டை எடுக்கவே யோசித்தார். "ஏங்கண்ணு, ஞாயித்துக்கெழம எந்தங்கச்சி புள்ளைக்குக் கண்ணாலம். இந்தத் தலையோட எப்படிச் சபைல போயி நிக்கறது?" உச்சி நல்ல கறுப்பு. இரண்டு காதுக்கு மேலும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை வளைவு. பிடரியில் தோல் மட்டும் கறுத்திருக்க, அதன்மேல் முடி வெள்ளையாகவே மின்னியது.

எப்படி அடித்தார் என்று கேட்டபோதே காரணம் தெரிந்துவிட்டது. காதில் சாயம் படக்கூடாதென்று பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவியிருக்கிறார். அது காதோர முடியிலும் ஏறிவிட்டது. ஜெல்லி பூசிய முடிக்குள் சாயம் போகாது. பிடரிக்குக் கண்ணாடி எட்டாததால், எண்ணெய் தேய்ப்பதுபோல் கையாலேயே தடவி, கழுத்தில் வழிந்ததைத் துண்டால் துடைத்திருக்கிறார். பிடரி முடி தோலோடு படிந்து கிடக்கும். கையால் தடவினால் க்ரீம் மேலாக வழுக்கிக்கொண்டு போய் இடையில் தெரியும் தோலில் உட்காரும். முடியில் ஒட்டியிருந்த கொஞ்சமும் துண்டோடு போய்விட்டது.

நீள முடியில் தோலைத் தொடாமல் சாயம் வைக்க முடியும். இவ்வளவு குட்டை முடியில் அது நடக்காது, தலைத்தோல் முழுக்கச் சாயம் படத்தான் செய்யும். அதனால் அலர்ஜி பரிசோதனையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பெரும்பாலான கறுப்பு டைகளில் பிபிடி என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பத்து வருஷம் ஒத்துக்கொண்டவருக்கும் திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் சொன்னபடி காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, கொப்புளம் எது வந்தாலும் அந்த டை வேண்டாம். கறுப்பு மெஹந்தி போட்டுக் கை வெந்தவர்கள் இதைத் தொடவே கூடாது. டை போட்டபின் கண் இமையோ முகமோ வீங்கினால், மூச்சு இறுக்கினால், கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரியம்மா டை போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தோலைத் தொட்டுப் பார்த்தேன். சிவப்போ சொரசொரப்போ இல்லை, அரிப்பும் இல்லை என்றார். அதனால் துணிந்து கை வைத்தேன். ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசி ஜெல்லியை எடுத்து, முடியை நன்றாகக் காயவைத்தேன். அவர் வாங்கிய அதே டை, அதே ஷேடு. வெள்ளை நின்ற இடங்களுக்கு மட்டும் என்பதால் 10 கிராம் க்ரீம், 10 மில்லி டெவலப்பர் போதுமாயிருந்தது. இது அந்தப் பெட்டியில் போட்டிருந்த அளவு. சிலவற்றில் டெவலப்பர் கூடுதலாகக் கேட்கும், உங்கள் பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுத்தலை என்றால் இரண்டு சென்டிமீட்டர் முடிக்கு இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பிடிக்கும். கலக்கப் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம்தான், எவர்சில்வர் வேண்டாம். மிச்சத்தை மூடி எடுத்து வைக்காதீர்கள். வாயு உண்டாகி டப்பா வெடிக்கும்.

காதோரத்தை முதலில் எடுத்தேன். அங்கேதான் நரை அதிகம், முடியும் முரடு, சாயம் மெதுவாகத்தான் பிடிக்கும். ஜெல்லியைக் காது பட்ஸால் தொட்டு, முடி முளைக்கும் கோட்டிலிருந்து ஒரு தீக்குச்சி அகலம் தள்ளித் தோலில் மட்டும் இழுக்க வேண்டும். காதை முன்பக்கம் மடக்கிப் பின்னால் வைத்து, பிறகு கீழே அழுத்திப் பிடித்து மேல் வளைவில் வைக்க வேண்டும். காதுக்குப் பின்னால் பஞ்சு சொருகி வைப்பார்கள். அது சாயத்தை உறிஞ்சித் தோலோடேயே அழுத்திக்கொண்டிருக்கும். வேண்டாம்.

பிடரிக்குத் தாடை நெஞ்சைத் தொடும்படி குனியச் சொன்னேன். அப்போது தோல் இழுபட்டு முடி கொஞ்சம் எழும்பும். பிடரி முடி எல்லாருக்கும் நேராகக் கீழே பார்த்து வளர்வதில்லை. பலருக்கு இரண்டு ஓரமும் நடுவைப் பார்த்து, சிலருக்கு மேல்நோக்கியும் வளரும். விரலால் தடவி எந்தப் பக்கம் படிகிறது என்று கண்டுகொண்டு, முதலில் அதற்கு எதிர்ப்பக்கமாக பிரஷை ஓட்ட வேண்டும். அப்போதுதான் அடிமுடிக்குச் சாயம் போகும். அடுத்து அது படியும் பக்கமாக ஒரு முறை. ஒரு விரல் அகலம் முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போகலாம். பிரஷ் நுனியில் கொஞ்சம் க்ரீம் போதும், வழிந்தால் அளவு கூடிவிட்டது. பழைய மென்மையான டூத்பிரஷும் இந்த வேலைக்கு நன்றாகவே உதவும். கடைசியில் கழுத்தில் இறங்கும் பூனைமுடிக்குச் சாயம் வைக்காமல் விட்டுவிடுங்கள். அதற்கும் வைத்தால் கோடு போட்டதுபோல் தெரியும்.

தனியாக அடிப்பவர்கள் சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கைக்கண்ணாடியில் பார்க்கலாம். ஆனால் பிடரிக்கு மகளையோ மருமகளையோ கூப்பிடுவதுதான் நல்லது. வைத்து முடித்ததும் வெளிச்சத்தில் நின்று போனில் படம் எடுத்துப் பாருங்கள். க்ரீமுக்கு இடையில் வெள்ளை மின்னினால் அங்கே பிரஷால் ஒற்றிவிடலாம்.

நம்மூர் வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துதான் எல்லாரும் டை ஊறவைக்கிறார்கள். ஓரத்தில் மெல்லிசாக வைத்த க்ரீம் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். காய்ந்த க்ரீம் வேலை செய்யாது. காதோரமும் பிடரியும் வெளுத்து நிற்க இதுவும் ஒரு காரணம். ஃபேனை நிறுத்திவிட்டுத் தலைக்கு பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் 30 நிமிஷம் என்றால், 25-இல் காதுக்குப் பின்னால் நாலு முடியை ஈரப்பஞ்சால் துடைத்துப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் மிச்ச நேரமும் விடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கழுவும்போது நேராகத் தண்ணீர் ஊற்றாமல், கையுறை போட்ட கையை நனைத்து ஓரங்களில் ஒரு நிமிஷம் சுற்றித் தேய்த்தேன். க்ரீம் இளகித் தோலில் பிடித்த கறையில் பாதியை அதுவே எடுத்துக்கொண்டு வந்தது. பிறகு முன்னால் குனியவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசினேன். பிடரியில் மிச்சமிருந்த கறைக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுப் பத்து நிமிஷம் விட்டுத் துடைத்தோம். முழுக்கப் போகவில்லை, சாம்பல் நிறத்துக்கு வந்தது. தலைக்குக் குளிக்கக் குளிக்க, சில நாளில் தானாகப் போய்விடும். ப்ளீச்சும் நெயில் பாலிஷ் ரிமூவரும் போட்டுத் தேய்த்துத் தோல் உரிந்து வந்தவர்களுக்கு நான் மருந்து வாங்கச் சீட்டெழுதுவதில்லை, தோல் டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன்.

கிளம்பும்போது பெரியம்மா கேட்டார்: "மறுக்கா எப்பக் கண்ணு அடிக்கறது?" முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இரண்டு சென்டிமீட்டர் முடியில் இரண்டு வாரத்திலேயே அடியில் அரை சென்டிமீட்டர் வெள்ளை தெரிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்துப் பத்து நாளுக்கொரு முறை அடிக்க ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தலைத்தோல் முழுக்கச் சாயம் குடிக்கிறது. "நாலு வாரத்துக்கு முன்னாடி வேண்டாமுங் பெரீம்மா. அடுத்த தடவ கறுப்ப விட்டுப்போட்டு டார்க் பிரவுன் வாங்குங்க, வெள்ளை கிளம்பறது அத்தன சீக்கிரம் கண்ணுக்குத் தெரியாது. பிடரில பிளேடு போட்டா ரெண்டு நாள் கழிச்சு அடிங்க" என்றேன். மருமகள் அதை போனில் எழுதிக்கொண்டாள்.