முதலில் ஒரு பெரிய திட்டு

இருபது வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரின் மார்பில் மூன்று, நான்கு செ.மீ. நீளத்தில் நீள்வட்டத் திட்டு ஒன்று தோன்றுகிறது. படர்தாமரை என்று எண்ணி மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறார். பத்து நாளில் மார்பிலும் முதுகிலும் சிறு திட்டுகள் டஜன் கணக்கில் கிளம்புகின்றன. களிம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து வேறொன்றுக்கு மாறுகிறார். களிம்பின் மீது பிழையில்லை. பிட்டிரியாசிஸ் ரோசியா என்ற இந்த நோயின் இயல்பான போக்கே அதுதான்.

முதல் திட்டைத் 'தாய்த் திட்டு' எனலாம். அதன் செதிலை உற்றுப் பாருங்கள். படர்தாமரையில் செதிலும் சிவப்பும் வெளி விளிம்பில் மிகுந்திருக்கும். இதிலோ மெல்லிய செதில் விளிம்புக்குச் சற்று உள்ளே வளையமாக அமைந்து, வெளிப்புறம் ஒட்டியும் உள்முனை தூக்கியும் நிற்கும். ஐயம் தீராவிட்டால் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். படர்தாமரை என்றால் பூஞ்சை இழைகள் தெரியும். பின்னால் வரும் சிறு திட்டுகள் தோலின் இயற்கையான மடிப்புக் கோடுகளை ஒட்டிச் சாய்ந்திருப்பதால், முதுகில் கிறிஸ்துமஸ் மரத்தின் கிளைகள்போல் தெரிவதுண்டு.

காரணம் முழுமையாக நிறுவப்படவில்லை. ஆனால் மனித ஹெர்பீஸ் வைரஸ் 6, 7 ஆகிய இரண்டின் மீதும் வலுவான சந்தேகம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோருக்குச் சிறுவயதிலேயே இவை தொற்றிவிடுகின்றன. அதன்பின் உடலை விட்டு நீங்காமல் உறங்கிக் கிடக்கும் இவை, சில வேளை மீண்டும் விழிக்கின்றன. அப்போது எழும் நோயெதிர்ப்பின் எதிர்வினையே தடிப்பாக வெளிப்படுகிறது என்பது இன்றைய விளக்கம். பழைய பகையாளியை அடையாளம் காணும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் பெருகி வைரஸை மறுபடி அடக்கியதும், அழற்சி தணிந்து தோல் தேறுகிறது. பெரும்பாலும் இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். வீட்டில் மற்றவர்களுக்கு இது பரவுவது அரிது என்பதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது.

ஆகவே சிகிச்சை பெரும்பாலும் அரிப்பைத் தணிப்பதற்குத்தான். வெந்நீர்க் குளியலையும் காரமான சோப்பையும் தவிர்த்து, ஈரப்பதக் களிம்பு பூசினால் பலருக்குப் போதும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தானாகவே வாங்கிப் பூசுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. உண்மையில் அது படர்தாமரையாக இருந்தால், பூஞ்சை பரவி, திட்டின் தோற்றமும் மாறி, கண்டறிவதே கடினமாகிவிடும்.

உள்ளங்கை, உள்ளங்கால்களில் திட்டு இருந்தால் சிஃபிலிஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை அவசியம்; அதன் இரண்டாம் நிலை இதே உருவில் வரக்கூடும். கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் 15 வாரங்களில் இருப்பவர்கள், தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் கருச்சிதைவு ஆபத்து கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. மூன்று மாதம் கடந்தும் மறையாத தடிப்பு வேறு நோயாக இருக்கலாம். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் தடிப்பு அடங்கியபின் பழுப்புக் கறை மட்டும் சில மாதங்கள் தங்கும். செதிலும் அரிப்பும் இல்லையென்றால் அது எஞ்சிய நிறமிதான், நோய் அல்ல.